மழை வந்தால் மண்டபமா, மறுதேதியா? சென்னையில் திறந்தவெளி நிகழ்ச்சிக்கு ஒரு மாற்றுத் திட்டம்

ஐப்பசி பிறந்தால் போதும், ஒரே கேள்வி நாலைந்து பேரிடமிருந்து வந்துவிடும். "கார்த்திகையில ஒரு ஞாயித்துக்கிழமை மைதானத்துல நிகழ்ச்சி வச்சிருக்கோம். முந்நூறு பேர் பதிவு பண்ணிட்டாங்க. மழைன்னு சொல்றாங்க. பந்தலை நல்லாப் போட்டு நடத்திடலாமா, மண்டபத்துக்கு மாத்தலாமா, தள்ளி வைக்கலாமா, இல்ல பேசாம ரத்து பண்ணிடலாமா?"

நான் ஒரு மாடித்தோட்டக் குழுவில் இருக்கிறேன். வருடத்துக்கு ஒரு விதைச் சந்தை நடத்துகிறோம். ஒரு நவம்பரில் மழை எங்களை வகையாகக் கவிழ்த்துவிட்டது. அந்தக் கணக்கு நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. நான்கு வழிகளையும் அந்த நோட்டை வைத்தே ஒப்பிட்டுப் பார்க்கிறேன். உங்கள் தொகைகள் வேறாக இருக்கும். ஆனால் பணம் எந்த இடத்தில் ஒழுகும் என்பது பெரும்பாலும் இதேதான்.

## எதை வைத்து ஒப்பிடுவது

"எவ்வளவு மழை வரும்" என்பதைத்தான் எல்லோரும் முதலில் பார்க்கிறார்கள். நான் அதைக் கடைசியில் வைப்பேன். நான் பார்ப்பது நான்கு விஷயங்கள்.

முதலாவது, தரை. மழை நின்றுவிடும், தண்ணீர் நிற்காமல் போய்விடாது. பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் மணல் பூமி. இரவு பெய்தது காலையில் பெரும்பாலும் இறங்கிவிடும். வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் களிமண். வெள்ளிக்கிழமை பெய்த மழைக்கு ஞாயிற்றுக்கிழமை வெயிலடித்தாலும் குட்டை அப்படியே கிடக்கும். மைதானத்தின் நடுவில் நின்று குதிகாலை அழுத்திப் பாருங்கள். பள்ளத்தில் தண்ணீர் ஊறி மேலே வந்தால், அங்கே நாற்காலியும் நிற்காது, லாரியும் ஏறாது. மின்சார ஒயரை அந்தத் தரையில் ஓடவிடுவதைப் பற்றி யோசிக்கவே கூடாது.

இரண்டாவது, ஒவ்வொரு வழிக்கும் கதவு மூடுகிற நேரம். இந்தக் கட்டுரையில் ஒன்றைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். மண்டபத்துக்கு மாற்றுவது நல்ல யோசனைதான், ஆனால் வியாழக்கிழமையே டோக்கன் முன்பணம் போட்டிருக்க வேண்டும். தள்ளி வைப்பது மலிவுதான், ஆனால் சமையல்காரர் காய்கறி வாங்கும் முன் சொல்லியிருக்க வேண்டும்.

மூன்றாவது, திரும்பி வராத பணம். நான்காவது, பதிவு செய்தவர்களிடம் சேதி போய்ச் சேர எவ்வளவு வேலை என்பது. இந்த நான்காவதை எல்லோரும் கடைசி நிமிடத்துக்கு விடுகிறார்கள். நாங்களும் விட்டோம்.

## வானிலை அறிவிப்பை எப்படி எடுத்துக்கொள்வது

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று வானிலை மையம் தருகிற நிறம் மாவட்டம் முழுமைக்குமானது, ஒரு முழு நாளுக்கானது. "ஓரிரு இடங்களில் மிகக் கனமழை" என்றால் அந்த ஓரிடம் உங்கள் மைதானமாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 2024 அக்டோபர் 16-க்குச் சென்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை இருந்தது. வேளச்சேரி மேம்பாலத்தில் ஆட்கள் கார்களைக் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தினார்கள். அன்று நகரில் பயந்த அளவு மழை இல்லை. இதற்கு நேர் எதிராக 2021 டிசம்பர் 30. பெரிய எச்சரிக்கை எதுவும் இல்லாத நாளில் பிற்பகலில் கொட்டத் தொடங்கி, ஆபீஸ் விட்டவர்கள் நள்ளிரவில் வீடு சேர்ந்தார்கள்.

அதனால் அறிவிப்பு தப்பு என்று நான் சொல்லவில்லை. நாலைந்து நாளுக்கு முன்னால் வருகிற அறிவிப்பு "மாற்று ஏற்பாட்டைத் தயாராக வை" என்பதற்குப் போதும். மூன்று மணி நேரத்துக்கான அறிவிப்பும் ரேடார் படமும், ஆட்களை இப்போது வெளியே அனுப்பலாமா என்று பார்க்க உதவும். நடுவில் இருக்கும் வெள்ளிக்கிழமை மாலை முடிவை எந்தப் படமும் உங்களுக்காக எடுத்துத் தராது. அதைப் பணக்கணக்கை வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் சென்னை மழை பெரும்பாலும் மாலையிலும் இரவிலும் இடியோடு வருவது. காலை 7-க்குத் தொடங்கி மதியத்துக்குள் முடித்துவிட்டால் பல நாள் தப்பிக்கலாம். வடகிழக்குப் பருவமழை அப்படி இல்லை. கடலிலிருந்து பட்டை பட்டையாக வரும், அதிகாலையில் பலப்படுவது சாதாரணம், ஒரு தாழ்வு மண்டலம் நின்றுவிட்டால் நாள் முழுக்கப் பெய்யும். நவம்பரில் "நேரத்தைக் கொஞ்சம் மாற்றிப் பார்க்கலாம்" என்கிற யோசனைக்கு நான் இடம் தருவதில்லை.

## எங்கள் கணக்கு

பதிவு செய்தவர்கள் 280 பேர், தலைக்கு ₹300. கடைகள் 18, கடைக்கு ₹1,500. வரவு ₹1,11,000. செலவு: பள்ளி மைதானம் ₹10,000, சாமியானாவும் நாற்காலியும் ₹28,000, மைக் செட், ஜெனரேட்டர் ₹14,000, 320 பேருக்கு மதியச் சாப்பாடு ₹35,200, பேனர், பை, அச்சு ₹9,000. மொத்தம் ₹96,200. மழையே இல்லாமல் நடந்திருந்தால் ₹14,800 மிஞ்சும். இதே நிகழ்ச்சியை நான்கு வழியிலும் போட்டுப் பார்த்தால் இப்படி வருகிறது.

| வழி | கடைசியாக முடிவெடுக்க வேண்டிய நேரம் | எங்கள் கணக்கில் | தெரிவிக்கும் வேலை | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|
| தகரப் பந்தல் போட்டு அங்கேயே | புதன் | சுமார் ₹30,000 நஷ்டம் | குறைவு | மணல் தரை, மிதமான மழை |
| அதே நாளில் மண்டபம் | வியாழன் டோக்கன், வெள்ளி மாலை உறுதி | சுமார் ₹28,000 நஷ்டம் | அதிகம் | நாளை மாற்றவே முடியாதவர்கள் |
| தள்ளி வைப்பது | வெள்ளி இரவு 9 | சுமார் ₹9,600 லாபம் | மிக அதிகம், இரண்டு முறை | நாள் முக்கியமில்லாத நிகழ்ச்சி |
| ரத்து | வெள்ளி இரவு 9 | சுமார் ₹28,600 நஷ்டம் | அதிகம், ஒரே முறை | மறுதேதி கிடைக்காதவர்கள் |

தள்ளி வைப்பதில் லாபம் என்று பார்த்துவிட்டு நாங்கள் தப்பித்தோம் என்று நினைத்துவிடாதீர்கள். அது வெள்ளிக்கிழமை மாலையில் தள்ளி வைத்திருந்தால் வந்திருக்க வேண்டிய தொகை. நாங்கள் தள்ளி வைத்தது ஞாயிறு காலை ஆறு மணிக்கு. என்ன ஆயிற்று என்பது கீழே.

## தகரப் பந்தல் போட்டு அங்கேயே நடத்துவது

துணிச் சாமியானா வெயிலுக்கானது, மழைக்கு இல்லை. இருபதுக்கு இருபது அடி சாமியானா ஒன்றின் பரப்பு சுமார் 37 சதுர மீட்டர். அதன்மேல் 30 மி.மீ. மழை பெய்து வழியாமல் தேங்கினால் 1,100 லிட்டர். ஒரு டன்னுக்கு மேல் எடை தலைக்கு மேலே தொங்குகிறது என்று அர்த்தம். அப்போது யாராவது ஒரு பையன் சவுக்குக் கட்டையால் துணியைக் கீழிருந்து குத்தி நீரைத் தள்ளுவான். பார்க்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் அந்த நேரத்தில்தான் கால் சரிந்து பந்தல் விழும்.

எனவே அங்கேயே நடத்துவதென்றால் சரிவாக வேய்ந்த தகரப் பந்தல் வேண்டும். எங்களுக்குச் சொன்ன விலை கூடுதலாக ₹45,000. தகரமும் கம்பியும் ஏற்றிய லாரி மைதானம் காய்ந்திருக்கும்போதே உள்ளே வந்துவிட வேண்டும் என்பதால் புதன்கிழமையே முடிவெடுக்கச் சொன்னார் பந்தல்காரர். மழையில் தகரத்தின் கீழே மைக்கில் பேசினாலும் கேட்காது என்பது யாரும் சொல்லித்தராத மறைவுச் செலவு. பயிற்சி வகுப்பு, பேச்சு என்று இருந்தால் இது ஆகாது. கடை, கண்காட்சி மட்டும் என்றால் சமாளிக்கலாம்.

இன்னொன்று, காற்று. புயல் சின்னம் கடலில் இருக்கும்போது தகரத்தின் பக்கமே போக வேண்டாம். கூரை எவ்வளவு பலம் என்று பந்தல்காரரிடம் கேட்டால் "ஒண்ணும் ஆகாது சார்" என்றுதான் சொல்வார்.

## அதே நாளில் மண்டபத்துக்கு மாறுவது

மண்டபம் கிடைக்காது என்று பலர் விசாரிக்காமலேயே விட்டுவிடுகிறார்கள். பஞ்சாங்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு விசாரியுங்கள். முகூர்த்தம் இல்லாத ஞாயிறு என்றால் கார்த்திகையிலும் காலியாக இருக்கும், வாடகையும் குறையும். முகூர்த்த ஞாயிறாகவே இருந்தாலும், முதல் நாள் மாலை ரிசப்ஷன், ஞாயிறு காலை தாலி, மதியம் சாப்பாடு என்று முடித்துக்கொண்டு பெண் வீட்டார் மூன்று மணிக்குள் காலி செய்துவிடுவார்கள். மாலை நான்கு முதல் எட்டு வரை கேட்டால் மேனேஜர்கள் பலர் சரி என்பார்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு வாசகர் வட்டம் இப்படியே இரண்டு முறை நடத்தியிருக்கிறது.

வாடகை எங்களுக்கு ₹50,000. ஆனால் மண்டபத்தில் வாடகை என்பது ஆரம்பம்தான். ஈ.பி. மீட்டரைப் பார்த்து யூனிட் கணக்கு, துப்புரவுக்குத் தனி, மின்சாரம் போனால் ஜெனரேட்டர் டீசல் தனி. வெளிச் சமையல்காரரை உள்ளே விடுவார்களா என்று முதல் போனிலேயே கேளுங்கள். பாதி மண்டபங்களில் அங்கேதான் பேச்சு முறியும். எங்களைப் போல மண், உரம், நாற்று என்று இருந்தால் கிரானைட் தரைக்கு ஒரு முன்பணம் பிடித்து வைப்பார்கள். இடமும் சுருங்கும். பதினெட்டுக் கடைகளில் பதினொன்றுதான் அடங்கும் என்றார்கள். மீதி ஏழு பேருக்கு ₹10,500 திருப்பித் தர வேண்டும். யார் அந்த ஏழு பேர் என்று தேர்ந்தெடுக்கிற வேலை பணத்தைவிடக் கசப்பு.

வழியையும் பாருங்கள். மண்டபம் உலர்ந்திருக்கும், அதற்குப் போகிற சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும். தி.நகர் துரைசாமி சுரங்கப்பாதையும் எழும்பூர் கெங்கு ரெட்டி சுரங்கப்பாதையும் ஒரு நல்ல மழைக்கு மூடப்படுவது புதிதல்ல. மின்சார ரயில் அல்லது மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்து வரக்கூடிய மண்டபமாக இருந்தால் கூடுதல் வாடகை கொடுக்கலாம்.

பேச்சாளர் வெளியூரிலிருந்து வந்துவிட்டார், விருது கொடுக்க வேண்டும், நாள் மாறினால் அர்த்தமே போய்விடும் என்கிறவர்களுக்கு இதுதான் வழி. ரத்து செய்தாலும் கிட்டத்தட்ட இதே நஷ்டம்தான் என்று அட்டவணை சொல்கிறது. அதே பணத்தைக் கொடுத்துவிட்டு நிகழ்ச்சியையாவது நடத்தியிருக்கலாம் என்று எனக்கு இன்றும் தோன்றும்.

## தள்ளி வைப்பது

எங்கள் கதைக்கு வருகிறேன். வியாழக்கிழமை ஆரஞ்சு எச்சரிக்கை. வெள்ளி மாலை கூடிப் பேசினோம். சமையல்காரர் சனி அதிகாலை கோயம்பேடு போவார், அதற்குமுன் சொன்னால் ஒரு ரூபாய் நஷ்டமில்லை. பந்தல்காரர் சனி காலை லாரி ஏற்றுமுன் சொன்னால் கொடுத்த முன்பணம் ₹14,000-ஐ அடுத்த தேதிக்கு வைத்துக்கொள்வதாகச் சொன்னார். எல்லாம் தெரிந்தும் "நாளைக்குப் பார்ப்போம்" என்று கலைந்தோம். சனிக்கிழமை மதியம் பளிச்சென்று வெயில். பந்தல் எழுந்தது, எங்களுக்கும் சந்தோஷம். ஞாயிறு அதிகாலை மூன்று மணிக்கு ஆரம்பித்தது. ஆறு மணிக்கு நான் போய்ப் பார்த்தபோது மேடைக்கு முன்னால் கணுக்கால் அளவுத் தண்ணீர், நடுச் சாமியானா தொட்டில் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. சமையல்காரர் போன் செய்து "சாம்பார் இறக்கிட்டேன்மா, எங்க அனுப்பறது?" என்றார்.

முதல் தடவைச் செலவு ₹96,200 முழுதாகப் போனது. சாப்பாட்டைத் தெருவில் இருந்தவர்களுக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும் கொடுத்தோம். ஜனவரியில் மறுபடி நடத்தியபோது பந்தல், மைக், 230 பேருக்குச் சாப்பாடு என்று இன்னொரு ₹67,300. நடுவில் 61 பேர் பணம் திரும்பக் கேட்டார்கள், மூன்று கடைக்காரர்கள் விலகினார்கள், புதிதாக 34 பேர் சேர்ந்தார்கள். எல்லாம் கழித்துக் கூட்டினால் ₹65,100 நஷ்டம். அதே முடிவை வெள்ளி மாலை எடுத்திருந்தால் பேனரை மட்டும் மாற்றி அச்சடித்து ₹9,600 மிச்சத்தோடு முடித்திருப்போம். வழி ஒன்றுதான், முடிவெடுத்த நேரம் வேறு. வித்தியாசம் ₹74,700.

மறுதேதியைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் கூடாது. "அடுத்த ஞாயிறு" என்று உடனே அறிவிப்பவர்கள் பெரும்பாலும் மறுபடி நனைகிறார்கள், ஏனென்றால் நவம்பரில் ஒரு தாழ்வு நிலை கரையேறிய பின்னாலேயே அடுத்தது உருவாவது வழக்கம். பெரிய நிகழ்ச்சிகளே அடுத்த வாரத்துக்குத் தாவுவதில்லை. தீவுத்திடலைச் சுற்றி 2023 டிசம்பரில் நடக்கவிருந்த பார்முலா 4 கார்ப் பந்தயம் மிக்ஜாம் புயலால் தள்ளிப்போய் 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1-ல்தான் நடந்தது.

சிறிய நிகழ்ச்சிக்கு இரண்டு இடைவெளிகள் உண்டு. மார்கழியில் கல்யாணம் இல்லாததால் மண்டபங்கள் காலியாக இருக்கும், ஆனால் மழை முழுதாக விட்டிருக்காது. மேலே சொன்ன டிசம்பர் 30 மார்கழி பாதிதான். பொங்கலுக்கு அடுத்த வாரம் வானம் தெளிந்திருக்கும், ஆனால் காணும் பொங்கலை ஒட்டிய ஞாயிறில் பாதி ஊர் இன்னும் சொந்த ஊரிலிருந்து திரும்பியிருக்காது. ஒரு வாரம் தள்ளிப் போட்டால் தைப் பட்டத்துக்கு விதை தேடுபவர்களும் வருவார்கள். தை முகூர்த்தங்களால் மண்டபம் கிடைக்காது என்பதால், அப்போது மைதானமே சரி.

மறுதேதிக்குச் சில வேலைகள் தானாக நகராது. காவல் நிலையத்தில் ஒலிபெருக்கிக்கு வாங்கிய அனுமதி அந்த ஒரு தேதிக்கானது, புதிதாக மனுக் கொடுக்க வேண்டும். பள்ளி மைதானத்துக்கு மறுபடி கடிதம். மாநகராட்சிப் பள்ளி என்றால் மழைக்காலத்தில் நிவாரண முகாமாக எடுத்துக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. அப்படியானால் உங்கள் முடிவை வேறு யாரோ எடுத்துவிடுகிறார்கள்.

## ரத்து

இதில் பேச அதிகம் இல்லை. மறுதேதி கிடைக்காது, பேச்சாளரும் வர முடியாது, குழுவில் நாலு பேர் வீட்டில் தண்ணீர் புகுந்திருக்கிறது என்றால் ரத்துதான் நேர்மை. வெள்ளி இரவுக்குள் என்றால் எங்கள் கணக்கில் போவது முன்பணம், அச்சு, பணம் வசூலித்த இணைய வழியின் கட்டணம். அந்தக் கட்டணம், வரியும் சேர்த்து நூற்றுக்கு இரண்டு ரூபாய் சொச்சம், நாம் முழுத்தொகையைத் திருப்பித் தந்தாலும் நமக்குத் திரும்பாது. ஞாயிறு காலை ரத்து என்றால் ₹98,000-க்கு மேல் போயிருக்கும்.

"ரத்து செய்துவிட்டு இணையத்தில் நடத்தலாமே" என்பார்கள். உரை மட்டும் என்றால் நடத்துங்கள். விதை வாங்க வருகிறவருக்குத் திரையில் விதையைக் காட்டி என்ன பயன்?

## பதிவு செய்தவர்களுக்குச் சொல்வது

நாங்கள் மிக மோசமாகச் சறுக்கியது இதில்தான். ஞாயிறு காலை 6.20-க்கு வாட்ஸ்அப் பிராட்காஸ்டில் செய்தி போட்டோம். ஒரு பட்டியலில் 256 பேர்தான் கொள்ளும், அதனால் இரண்டு பட்டியல். அது பரவாயில்லை. நம் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே பிராட்காஸ்ட் போகும் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. சுமார் 130 பேருக்குப் போகவே இல்லை.

எட்டரை மணிக்குப் பள்ளி வளைவின் கீழே ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். மஞ்சள் பைக்குள் பிளாஸ்டிக் கவர், அதற்குள் பேப்பர் பொட்டலத்தில் அவரைக்காய் விதை, நனையாமல். "என்னம்மா, ஒருத்தரையும் காணோம்?" என்றார். அவரிடம் பட்டன் போன். போனில் கூப்பிட்டுப் பதிவு செய்தவர், அவருடைய எண் ஒரு நோட்டில் மட்டும் இருந்தது.

இப்போது நாங்கள் செய்வது இது.

புதன் அல்லது வியாழன் முதல் செய்தி: "மழை எச்சரிக்கை இருக்கிறது. நிகழ்ச்சி நடக்குமா என்று வெள்ளி மாலை 7 மணிக்குச் சொல்கிறோம். அதுவரை பயண ஏற்பாட்டை மாற்ற வேண்டாம்." முடிவு தெரியாவிட்டாலும் முடிவு வரும் நேரத்தைச் சொல்லிவிட்டால் தொலைபேசி அழைப்புகள் பாதியாகக் குறையும். நமக்கும் ஏழு மணி என்று ஒரு கயிறு கட்டியாயிற்று, "நாளைக்குப் பார்ப்போம்" என்று கலைய முடியாது.

வெள்ளி மாலை முடிவெடுத்ததும் சொல்கிற வரிசை முக்கியம். முதலில் சமையல்காரர், பந்தல்காரர். அடுத்து கடைக்காரர்கள், ஏனென்றால் மதுராந்தகம், உத்திரமேரூர் பக்கமிருந்து வருகிறவர்கள் சனி மாலையே குட்டி யானையில் நாற்றுகளை ஏற்றிவிடுவார்கள். ஏற்றி இறக்கிய நாற்றில் பாதி சாயும். அப்புறம் பேச்சாளர்கள், அதன் பிறகு பதிவு செய்தவர்கள்.

குறுஞ்செய்தி அனுப்புவதென்றால் முன்கூட்டியே வேலை இருக்கிறது. மொத்தமாக அனுப்பும் குறுஞ்செய்தியின் வாசகத்தைத் தொலைபேசி நிறுவனங்களின் டிஎல்டி என்கிற பதிவு முறையில் முன்னதாகப் பதிந்து ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். மழை வந்த பிறகு புது வாசகம் எழுதி அனுப்ப முடியாது. அக்டோபரிலேயே மூன்று வாசகங்களைப் பதிந்து வையுங்கள்: நடக்கிறது, இடம் மாறியது, நாள் மாறியது. தமிழில் ஒரு குறுஞ்செய்திக்கு 70 எழுத்து. அதுவும் போனின் கணக்கில் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனி. 'ஞாயிறு' நமக்கு மூன்று எழுத்து, அதற்கு ஆறு. எங்கள் வாசகம் இது:

"ஞாயிறு விதைச் சந்தை இல்லை. புது நாள் ஜன 21. வர வேண்டாம்."

மழை, வருத்தம், ஒத்துழைப்புக்கு நன்றி எதுவும் இதில் கிடையாது. அதெல்லாம் வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் விரிவாக எழுதலாம். "வர வேண்டாம்" என்ற இரண்டு சொல் மட்டும் எல்லாச் செய்தியிலும் இருக்க வேண்டும். "ஒத்திவைக்கப்பட்டுள்ளது" என்று மட்டும் போட்டால் மாலைக்குத்தான் ஒத்திவைத்திருக்கிறார்கள் என்று நினைத்து நாலு பேர் வந்து நிற்பார்கள்.

வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக்கோடு நிற்கிற எண்களைப் பட்டியலிட்டு, மறுநாள் காலையில் கூப்பிடுங்கள். 130 பேர், ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றால் 260 நிமிடம். ஆறு பேர் பிரித்துக்கொண்டால் முக்கால் மணி நேரத்தில் முடியும். யார் யாரைக் கூப்பிட்டது, எடுத்தாரா இல்லையா என்பதற்கு ஒரு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒருவரையே மூன்று பேர் கூப்பிடுவீர்கள். எடுக்காதவர்களுக்காக ஞாயிறு காலை எட்டு முதல் பதினொன்று வரை பழைய இடத்தின் வாசலில் இருவர் குடையோடு நிற்க வேண்டும்.

பணம் பற்றிய செய்தி தனியாகப் போகட்டும். மூன்று வாய்ப்பு கொடுத்தோம்: பழைய டிக்கெட்டே புது நாளுக்குச் செல்லும், வேறொருவருக்கு மாற்றித் தரலாம், அல்லது பத்து நாளுக்குள் கேட்டால் முழுப்பணம். பதில் சொல்லாதவரின் இடம் அப்படியே புது நாளுக்கு நகரும் என்றும் எழுதினோம். கடைசித் தேதி போடாமல் விட்டவர்கள் நிகழ்ச்சி அன்று காலைவரை பணம் திருப்பிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன், சாப்பாட்டுக்கு எண்ணிக்கை சொல்லவே முடியாது.

இணைய வழியில் செலுத்தியவர்களுக்கு வந்த வழியிலேயே திருப்பலாம், ஐந்து முதல் ஏழு வேலை நாள் ஆகும் என்பதையும் எழுதுங்கள். பொருளாளரின் எண்ணுக்கு நேரடியாக அனுப்பியவர்கள்தான் தலைவலி. பல வங்கிகளில் யுபிஐயில் ஒரு நாளைக்கு இருபது தடவைக்கு மேல் அனுப்ப விடாது. அந்த 61 பேரில் பாதிக்கு மேல் இந்த ரகம் என்பதால் இரண்டு நாள் இழுத்தது. "பணத்தைப் பெற நீங்கள் பின் எண் போடவோ கியூஆர் ஸ்கேன் செய்யவோ தேவையில்லை, அப்படி யாராவது கேட்டால் அது நாங்கள் இல்லை" என்ற வரியையும் சேர்த்துவிடுங்கள். பணம் திரும்ப வரும் என்று முந்நூறு பேருக்குத் தெரிந்த இடத்தில் ஏமாற்றுக்காரர்கள் நுழையச் சந்து இருக்கிறது.

ஜனவரி 21 அன்று அந்தப் பெரியவர் வந்தார். இந்தத் தடவை முதல் ஆளாக அவரைத்தான் கூப்பிட்டிருந்தோம். பதிவுப் படிவத்தில் இப்போது ஒரு கேள்வி கூடியிருக்கிறது: "அவசரத்துக்கு உங்களை எப்படிக் கூப்பிடுவது, வாட்ஸ்அப்பா, குறுஞ்செய்தியா, போனா?" அவர் மகள் நிரப்பிக் கொடுத்த படிவத்தில் போன் என்று இருந்தது, பக்கத்தில் "மணி அடித்துக்கொண்டே இருக்கவும், காது மந்தம்" என்று பேனாவால் எழுதியிருந்தது.